வெள்ளாட்டுப்பால் சீஸும் கிடா வீச்சமும்

வெள்ளாட்டுப் பாலில் செய்த இளம் சீஸை முதன்முதலாகச் சுவைக்கிறவர்களில் பலர் இரண்டாவது முறை கை நீட்டுவதில்லை. வெண்ணெய்போல நாக்கில் கரைகிறது, புளிப்பும் இதமாக இருக்கிறது. ஆனால் விழுங்கிய பிறகு மூக்கின் உட்புறத்தில் ஒரு கிடா வீச்சம் எழுகிறது. அதே பாலைச் சற்று முன் குடித்துப் பார்த்தவர்களுக்கு வியப்பாகவும் இருக்கும். பாலில் இல்லாத வீச்சம் சீஸில் எப்படி வந்தது?

உண்மையில் அது பாலிலேயே இருந்தது. மூக்குக்கு எட்டாத வடிவத்தில் இருந்தது, அவ்வளவுதான். சீஸ் செய்கிறவர் செய்வது பாலைப் புளிக்கவைப்பது. அந்தப் புளிப்புதான் மறைந்திருந்ததை வெளியே கொண்டுவருகிறது. இதைப் புரிந்துகொண்டால், வீச்சத்தைக் குறைக்க எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

பால் கொழுப்பின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசராலோடு பிணைந்து உண்டானது. வெள்ளாட்டுப் பாலில் இந்த அமிலங்களில் சிறியவை அதிகம். கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்ற மூன்றும் சேர்ந்து மொத்தக் கொழுப்பு அமிலத்தில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு. பசும்பாலில் இவை அதில் பாதிக்கும் குறைவு. சிறிய மூலக்கூறுகள் என்பதால் எளிதில் ஆவியாகி மூக்கை எட்டும். ஆனால் கிளிசராலோடு பிணைந்திருக்கும் வரை அவற்றுக்கு மணமே கிடையாது. மூடி இறுகிய பெருங்காய டப்பா அடுப்படியில் இருப்பது தெரியாததுபோலத்தான். பிணைப்பு அறுந்து அமிலம் தனியே பிரிந்தால்தான் மணம்.

இந்த மூன்றைவிடக் கெட்டிக்கார மூலக்கூறு இன்னொன்று உண்டு. 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலம் என்று பெயர். நேர்க்கோடாக இல்லாமல் பக்கத்தில் ஒரு கிளை முளைத்த கொழுப்பு அமிலம். வெள்ளாட்டுப் பாலிலும் செம்மறிப் பாலிலும் மிகச் சொற்ப அளவில் இருக்கிறது. சொற்பம் என்றாலும், நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். கிடாவின் உடம்பிலிருந்து வீசும் வாடையிலும் இதே அமிலம் இருக்கிறது. ஆகவே சீஸைச் சுவைத்தவர் 'கிடா வாடை அடிக்கிறது' என்று சொன்னால், அது மிகையல்ல, வேதியியல் உண்மை.

இந்த அமிலங்களைப் பிரித்துவிடுவது யார்? லிப்பேஸ் என்ற நொதி. ஆட்டின் மடியிலேயே அது இருக்கிறது. இரத்தத்தில் வரும் கொழுப்பை உடைத்து, பால் சுரக்கும் செல்களுக்குள் போகச் செய்வது அதன் வேலை. அதில் கொஞ்சம் பாலோடும் வந்துவிடுகிறது. பசும்பாலில் இந்த நொதியின் பெரும்பகுதி கேசின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கொழுப்பை விட்டு விலகியே இருக்கும். வெள்ளாட்டுப் பாலில் அப்படி இல்லை. நொதியின் மொத்த அளவு பசும்பாலைவிடக் குறைவு என்றாலும், அதில் கிட்டத்தட்ட பாதி கொழுப்போடேயே இருக்கிறது. கொழுப்புத் துளியைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருப்பதால் உடனே பாதிப்பு இல்லை. சவ்வு கிழிந்தால் வேலை தொடங்கிவிடும். பாலைக் கலக்குவது, உயரத்திலிருந்து நுரை பொங்க ஊற்றுவது, பாதி நிரம்பிய கேனை வண்டியில் வைத்துக் குலுக்கிக்கொண்டு போவது, உறையவைத்து மறுபடி இளக்குவது எல்லாமே சவ்வைக் கிழிப்பவை. இவை எதுவும் நடக்காவிட்டாலும், கறந்த பச்சைப் பாலைக் குளிரவைத்து நாள் கணக்கில் வைத்திருந்தால் நொதி தானாகவே வேலையைத் தொடங்கும். குளிர்ப்பெட்டியில் வைத்த பால் பத்திரமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே அமிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டிருக்கும்.

சரி, பிரிந்த பிறகும் பாலில் ஏன் வாடை தெரிவதில்லை? இங்கேதான் புளிப்பு வருகிறது. புதிய பாலின் pH சுமார் 6.6. அந்த நிலையில் பால்நீரில் கரைந்த கொழுப்பு அமிலத்தின் பெரும்பங்கு மின்னேற்றம் பெற்ற உப்பு வடிவில் இருக்கும். உப்பு ஆவியாகாது, ஆகவே மணக்காது. நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் ஆவியாகக்கூடிய அமில வடிவில் இருக்கும். சீஸ் உறையும்போது pH 4.5 வரை இறங்குகிறது. இப்போது கணக்கு தலைகீழ். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அமில வடிவுக்கு மாறிவிடுகிறது. ஒரு துளி கொழுப்பு அமிலம்கூடப் புதிதாக உண்டாகாமலே வீச்சம் பல மடங்கு எழுகிறது. உறை ஊற்றிய கிருமிகளின் மேல் பழி போடுவது வழக்கம். ஆனால் பால் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் கொழுப்பை உடைப்பதில் மிகவும் மந்தமானவை. அவை செய்வது முன்பே நடந்ததை அம்பலப்படுத்துவது மட்டும்.

இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. பாலை வாங்கியதும் அரைக் கோப்பை எடுத்து வெதுவெதுப்பாக்கி, அதில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலத்தைக் கலந்து தட்டால் மூடி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து முகருங்கள். எலுமிச்சையோ வினிகரோ வேண்டாம், அவற்றின் மணம் குழப்பும். சிட்ரிக் அமிலத்துக்கு வாசனை இல்லை. அந்தக் கோப்பையில் எழும் வாடைதான் நாளை உங்கள் சீஸில் இருக்கப்போகும் வாடை. சகிக்க முடியாமல் இருந்தால், ஒரு நாள் உழைப்பு மிச்சம்.

இப்போது செய்முறை. வெள்ளாட்டு சீஸின் தாய்வீடு என்று பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதியைச் சொல்லலாம். செந்த் மோர், வலான்சே, செல் சுர் ஷேர் என்று ஊர்ப் பெயர்களோடே வழங்கும் சீஸ்கள் அங்கிருந்து வருபவை. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பாலை உறையவைக்கும் நொதியான ரென்னெட் மிகக் குறைவாக, புளிப்பு நிறைய, நேரம் நீளமாக. மாட்டுப்பாலில் கெட்டிச் சீஸ் செய்கிறவர்கள் நூறு லிட்டருக்கு 20 முதல் 30 மில்லி வரை ரென்னெட் ஊற்றி அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உறையவைப்பார்கள். லுவார் பண்ணைகளில் நூறு லிட்டருக்கு 5 மில்லி அளவுதான். பால் உறைய ஒரு நாள் ஆகும். உறையவைப்பதில் பெரும்பங்கு புளிப்பினுடையது. ரென்னெட் கொஞ்சம் கைகொடுக்கிறது.

நான்கு லிட்டர் பாலை எடுத்துக்கொள்வோம். கறந்த அன்றே கிடைத்தால் மேல். பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, விரைவாக 63 டிகிரிக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரம் அதே சூட்டில் வைத்திருக்க வேண்டும். மெதுவாகக் கிளறினால் போதும், நுரை எழக் கூடாது. இந்தச் சூட்டில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, மடியிலிருந்து வந்த லிப்பேஸ் செயலிழக்கிறது. சூட்டுக்கு மிகவும் பலவீனமான நொதி அது. ஆகவே பாலைச் சீக்கிரம் சூடாக்கினால் வீச்சத்தின் பெரிய ஊற்று அங்கேயே அடைபடும். மூன்று நாள் பச்சையாக வைத்திருந்து பிறகு சூடாக்கினால் பயன் குறைவு, பிரிந்த அமிலம் மறுபடி பிணைந்துகொள்ளாது.

இரண்டாவது வேலை நோய்க்கிருமிகளைக் கொன்று உயிர் காப்பது. மால்டா காய்ச்சல் என்ற புருசெல்லா நோயின் கிருமியை டேவிட் புரூஸ் 1887இல் மால்டா தீவில் கண்டறிந்தார். அது வெள்ளாடுகளிடமிருந்து பாலின் வழியாகப் பரவுகிறது என்று 1905இல் காட்டியவர் அந்தத் தீவின் மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் ஸாமிட். பார்வைக்கு நலமாக இருக்கும் ஆடுகளே நோயைச் சுமந்திருந்தன. பிரான்சில் ஆட்டு மந்தைகளுக்குத் தொடர்ந்து நோய்ச் சோதனை நடப்பதால் அங்கே பச்சைப் பாலிலும் சீஸ் செய்கிறார்கள். அப்படிச் சோதனை செய்யாத மந்தையின் பாலைச் சூடாக்காமல் சீஸ் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புளிப்பும் உப்பும் புருசெல்லாவைக் கொல்லும் என்று நம்பி இருக்க முடியாது.

நம் வழக்கப்படி பொங்கக் கொதிக்கவைப்பதும் சரிவராது. கொதித்தால் பால்நீரில் கரைந்திருக்கும் புரதங்கள் விரிந்து கேசின்மேல் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட பால் நல்ல தயிராகும், ஆனால் நீரை விடாது. எவ்வளவு நேரம் தொங்கவிட்டாலும் கூழாகவே இருக்கும்.

அரை மணி முடிந்ததும் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து 22 டிகிரிக்கு இறக்குங்கள். உறைக்கு, மிதமான சூட்டில் வளரும் லாக்டோகாக்கஸ் கலவைப் பொட்டலம் சிறந்தது. வெண்ணெய் மணம் தரும் வகைகளும் கலந்த பொட்டலமாக இருந்தால், அந்த மணம் மிச்சமிருக்கும் ஆட்டு வாடையோடு இணக்கமாகப் போகும். லுவார் பண்ணைகளில் பலர் பொட்டலம் வாங்குவதில்லை. முந்தின நாள் சீஸிலிருந்து வடிந்த தெளிநீரையே நூற்றுக்கு இரண்டு பங்கு ஊற்றுவார்கள். நான்கு லிட்டருக்கு 80 மில்லி. நாம் மோர் ஊற்றித் தயிர் தோய்ப்பதைப் போன்ற வழிதான். முந்தின சீஸ் குறையில்லாமல் வந்திருந்தால் மட்டும் இப்படிச் செய்யலாம். வீட்டுத் தயிரையே ஊற்றலாமா என்று கேட்பார்கள். உறையும். ஆனால் ஒவ்வொரு வீட்டுத் தயிரிலும் கிருமிக் கூட்டம் வேறு வேறு. அதிகச் சூடு விரும்பும் வகைகள் 22 டிகிரியில் சோம்பிவிடும். ஒரு முறை வந்த சுவை மறுமுறை வராது.

உறை கலந்த பிறகு ரென்னெட். நான்கு லிட்டருக்கு 0.2 மில்லி, அதாவது சொட்டுக்குழாயில் நான்கு சொட்டு. அதை இரண்டு கரண்டி ஆறிய வெந்நீரில் கலந்து ஊற்ற வேண்டும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்நீர் ரென்னெட்டைக் கெடுக்கும். ஒரு நிமிடம் மெல்லக் கலக்கி, மூடி வைத்து, அசைக்காமல் விட்டுவிடுங்கள்.

இனி 18 முதல் 24 மணி நேரம், சூடு 20 முதல் 22 டிகிரிக்குள். தமிழ்நாட்டுச் சமையலறையில் இதுதான் பெரிய சிக்கல். 32 டிகிரி வெக்கையில் விட்டால் புளிப்பு விரட்டிக்கொண்டு ஏறும், திரள் சுருங்கி மணல்மணலாகும், வேண்டாத கிருமிகளுக்கும் கொண்டாட்டம். தெர்மோகோல் பெட்டிக்குள் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் பனிக்கட்டியாக உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்து, காலையும் மாலையும் மாற்றினால் சமாளிக்கலாம். உள்ளே ஒரு வெப்பமானி கட்டாயம் வேண்டும்.

தயாரானதை எப்படி அறிவது? திரளின் மேல் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தெளிநீர் நிற்கும். திரள் பாத்திரத்தின் விளிம்பைவிட்டு விலகியிருக்கும். மேல்பரப்பில் ஒன்றிரண்டு வெடிப்பு தெரியும். முகர்ந்தால் சுத்தமான தயிர் மணம் மட்டும் வர வேண்டும். pH அளவி இருந்தால் 4.5, 4.6 காட்டும். மாறாக, திரள் பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாகி மிதந்தால், கோலிஃபார்ம் கிருமியோ ஈஸ்ட்டோ வாயுவை உண்டாக்கியிருக்கிறது என்று பொருள். யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். ஒரு நாள் ஆகியும் பால் பாலாகவே இருந்தால், ஆட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பாலில் வந்த மருந்து உறையைக் கொன்றிருக்கலாம்.

திரளை வெட்டிக் கலக்காமல், அகன்ற கரண்டியால் தகடு தகடாக அள்ளி, கொதிநீரில் போட்டெடுத்த மல் துணி விரித்த வடிதட்டில் போட வேண்டும். வெள்ளாட்டுப் பாலில் கெட்டித்தன்மை தரும் ஆல்ஃபா எஸ்1 என்ற கேசின் குறைவு. அதனால் திரள் பூப்போல உடையும். வேகமாகக் கையாண்டால் நொறுங்கித் துணியின் கண்களை அடைக்கும், கொழுப்பும் நீரோடு போகும். துணியின் நான்கு முனையையும் சேர்த்துக் கட்டிக் குளிர்ந்த இடத்தில் தொங்கவிட்டால் 12 முதல் 24 மணி நேரத்தில் நீர் வடியும். பிழியக் கூடாது. அப்பத்தில் தடவும் பதம் வேண்டுமானால் முன்னதாகவும், உருட்டும் பதம் வேண்டுமானால் தாமதமாகவும் இறக்கலாம். நான்கு லிட்டரில் ஏறக்குறைய முக்கால் கிலோ கிடைக்கும். அதற்கு 8 கிராம் உப்பைத் தூவி மெதுவாகப் பிசைந்து உடனே குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். உப்பும் குளிரும் சேர்ந்து புளிப்பு மேலும் ஏறுவதைத் தணிக்கும். புளிப்பு ஏற ஏற வீச்சமும் கூடும் என்பதால் இதில் தாமதிக்கக் கூடாது. சுவையில் கசப்பு தெரிந்தால் ரென்னெட் கூடிவிட்டது என்று கொள்ளலாம். ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். குளிரிலும் வளரும் லிஸ்டீரியா என்ற கிருமி சூடாக்கிய பாலில் பிறகும் வந்து சேரக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் வீச்சம் தங்கிவிட்டால் என்ன செய்வது? சிலர் சீஸைத் தண்ணீரில் அலசுவார்கள். புளிப்பு கொஞ்சம் குறையும், ஆனால் மணம் தரும் அமிலங்கள் கொழுப்புக்குள் கரைந்து கிடப்பவை, நீரோடு போகமாட்டா. சிலர் ஒரு சிட்டிகை சமையல் சோடா கலப்பார்கள். pH ஏறுவதால் வாடை உடனே அடங்கும், அறிவியல்படி சரியான யோசனைதான். ஆனால் கொழுப்பு அமிலமும் காரமும் சேர்ந்தால் வருவது சோப்பு. நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். உண்மையில் உதவுவது நீர்த்துப்போகச் செய்வது. சீஸில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பசும்பால் க்ரீம் பிசைந்தால் வீச்சம் தரும் அமிலத்தின் செறிவு குறைவதோடு, கொழுப்பு கூடுவதால் மேலும் கொஞ்சம் அமிலம் அதற்குள்ளேயே தங்கி மூக்குக்கு வருவது தணியும். குளிர்ச்சியாகப் பரிமாறினால் அமிலம் ஆவியாவது குறையும் என்பதால் அதுவும் பலன் தரும். மிளகும் பூண்டும் கொத்தமல்லியும் கவனத்தைத் திருப்பும், அமிலத்தைத் தொடாது.

ஆகவே தீர்ப்பு பாலின் பக்கம்தான் போகிறது. பாலை எத்தனை நாள் வைக்கலாம் என்பதில் லுவார் பண்ணையாளர்களிடம் கற்க ஒன்று உண்டு. மாலையில் கறந்ததை 4 டிகிரிக்குக் கொண்டுபோகாமல், கொஞ்சம் உறை சேர்த்து 10 முதல் 12 டிகிரியில் இரவு முழுக்க வைத்திருந்து, காலைப் பாலோடு கலந்து அன்றே உறையவைப்பார்கள். கடுங்குளிரில் நீண்ட நாள் கிடக்கும் பச்சைப் பாலில் இன்னொரு ஆபத்து, குளிரை விரும்பும் சூடோமோனாஸ் கிருமிகள். அவையும் லிப்பேஸைச் சுரக்கும். மடியின் லிப்பேஸ்போல அது சூட்டில் சாகாது. 63 டிகிரியில் கிருமி இறக்கும், நொதி பிழைத்து வேலையைத் தொடரும். பழைய பாலைச் சூடாக்கி நல்ல சீஸ் செய்ய முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்டின் பிறவியிலும் விஷயம் இருக்கிறது. ஆல்ஃபா எஸ்1 கேசினை ஏராளமாகச் சுரக்கும் ஆடுகளின் பாலில் வீச்சம் குறைவு என்றும், அதைக் குறைவாகச் சுரக்கும் மரபணு கொண்ட ஆடுகளின் பாலில் கொழுப்பு எளிதில் உடைந்து வீச்சம் கூடுகிறது என்றும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1990களில் காட்டினார்கள். இதைப் பெரிய அளவில் அனுபவித்த நாடு நார்வே. அந்நாட்டு ஆடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்த மரபணு பழுதுபட்ட வடிவில் இருந்தது. பாலில் அடிக்கடி காறலும் துவர்ப்பும் தெரிந்தன. பால் கூட்டுறவு சங்கம் எவ்வளவு சுத்தம் பார்த்தாலும் தீராத குறை அது. கடைசியில் கிடாக்களின் மரபணுவைச் சோதித்து, நல்ல வடிவம் உள்ளவற்றையே இனவிருத்திக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பாலின் தரம் உயர்ந்தது.

கிடாவைக் கறவை ஆடுகளோடு ஒரே கொட்டிலில் கட்டக் கூடாது என்பது ஆடு வளர்ப்பவர்கள் நாடுதோறும் சொல்லும் விதி. கிடாவின் உடம்பில் ஊறிய அமிலம் மடியிலும் கறப்பவர் கையிலும் ஒட்டினால், நூறு கோடியில் சில பங்கு என்ற எல்லையைத் தாண்டுவது எளிது. பாத்திரத்தைத் திறந்தே வைத்துக் கறக்கும் இடங்களில் இந்த விதியைக் கூடுதலாக மதிக்க வேண்டும்.

வீட்டில் செய்ய நினைப்பவர்கள் ஆடு வளர்ப்பவரிடம் பால் கேட்கும்போது விலைக்கு முன்னால் மூன்று விவரம் கேளுங்கள். எப்போது கறந்தது, கறந்தபின் எங்கே எப்படி வைத்திருந்தார்கள், கிடா எங்கே கட்டியிருக்கிறது. கேனை வாய் வரை நிரப்பி வாங்குங்கள், குலுங்காமல் கொண்டுவாருங்கள், வந்த ஒரு மணி நேரத்துக்குள் 63 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள். சிட்ரிக் அமிலக் கோப்பையில் வாடை பலமாக எழுந்தால் அந்தப் பாலில் சீஸ் செய்ய வேண்டாம். காய்ச்சிக் காப்பிக்கு ஊற்றலாம், pH ஏறக்குறைய பாலின் அளவிலேயே இருக்கும்வரை வாடை அவ்வளவாகத் தெரியாது.